மூன்று டேக், ஒரு பதில்: ஒட்டுப் போட்ட இடம் காதில் இடித்தால் எங்கே கை வைப்பது

மயிலாப்பூர் மாட வீதிக்குப் பக்கத்துச் சந்தில் மிருதங்கம் கட்டும் பெரியவர் ஒருவரின் ஒலிப்பதிவை வைத்தே, ஒரே கேள்விக்குத் திரும்பத் திரும்பப் பதிவான டேக்குகளை வெட்டி ஒட்டி ஒரே பதிலாக்குவதைச் சொல்கிறேன். ஆடியோ மட்டும்தான், வீடியோ இல்லை. படம் இருந்தால் வெட்டிய இடத்தில் அவர் கையையோ பலா மரக் கட்டையையோ காட்டித் தப்பிக்கலாம். ஆடியோவில் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது.

பேட்டி எடுத்த பெண் கேட்டது இதுதான்: மிருதங்கத்தின் இரு முகத்தையும் இழுத்துக் கட்டும் தோல் வாரை விட்டு போல்ட்-நட்டுக்கு எப்போது மாறினீர்கள், ஏன்? கேள்வி இறுதி வடிவத்தில் வராது, பெரியவர் குரல் மட்டும்தான் வரும். ஒரே கேள்விக்கு மூன்று டேக் கையில் இருந்தது.

முதல் டேக்: "அது ஒரு வித்வான் வெளிநாட்டுக் கச்சேரிக்குக் கிளம்பறப்போ கேட்டாரும்மா." இங்கே அந்தப் பெண் குறுக்கிட்டு "எந்த வருஷம் ஐயா?" என்கிறார். "எண்பத்தாறு எண்பத்தேழு இருக்கும். அங்க போனா வாரைப் புடிச்சுக் கட்ட ஆளு கிடையாது..." அதற்குள் ஒரு ஆட்டோ ஹாரன்.

இரண்டாம் டேக், மின்விசிறியை நிறுத்திய பிறகு: "அதான் சொன்னேனே, அங்க வார் புடிக்க ஆளு இல்ல. ஸ்பேனர் இருந்தா போதும், அவரே முடுக்கிக்கலாம்."

மூன்றாம் டேக், வியர்த்துக் கொட்டியதால் மின்விசிறியை மறுபடி போட்டாயிற்று. கேள்வியையும் சேர்த்துச் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள்: "வாரை விட்டுட்டு போல்ட்டுக்கு மாறினது வெளிநாடு போற வித்வானுங்களுக்காகத்தான். உள்ளூருல கேட்டா இன்னும் வார்தான் போடுறேன். நாதம் வாருலதான் நிக்கும்."

மென்பொருளைத் திறக்கும் முன் இந்த மூன்றையும் அப்படியே தாளில் எழுதிவிடுங்கள். "ம்மா", இருமல், ஹாரன் எல்லாம் சேர்த்துத்தான். எந்த வரி எந்த டேக்கிலிருந்து என்று தாளில் முடிவு செய்துவிட்டால், திரையில் செய்ய வேண்டியது வெட்டும் வேலை மட்டும்தான். இந்தப் பதிலுக்கு நான் எடுத்த வரிசை: மூன்றின் முதல் வாக்கியம், ஒன்றிலிருந்து வித்வான் கேட்ட கதையும் வருஷமும், இரண்டிலிருந்து ஆள் இல்லாததும் ஸ்பேனரும், கடைசியில் மூன்றின் வால்.

இனி, ஒட்டிக் கேட்கும்போது என்னென்ன இடிக்கும் என்று பார்ப்போம்.

பதில் நடுவிலிருந்து தொடங்குவது போல இருக்கிறது

கேள்வியை எடுத்தவுடன் முதலில் தெரியும் குறை இது. "அது ஒரு வித்வான்..." என்று தொடங்கினால், எது என்று கேட்பவருக்குத் தெரியாது. அந்த "அது" கேள்வியைத்தான் சுட்டுகிறது, கேள்வியோ போய்விட்டது. நம் பேச்சில் எழுவாயை விட்டுவிட்டுப் பேசுவது சகஜம் என்பதால், நல்ல பதிலாகத் தோன்றுவதில் பாதி கேள்வியில்லாமல் நிற்காது.

விடுபட்ட பொருளைப் பெயர் சொல்லிச் சொல்லும் வாக்கியத்தை வேறு டேக்கில் தேடி முன்னால் வையுங்கள். இங்கே மூன்றாம் டேக்கின் முதல் வாக்கியம் அதற்கென்றே வந்தது போல இருக்கிறது. அது முன்னால் வந்த பிறகு முதல் டேக்கின் "அது" தேவையில்லை. "ஒரு வித்வான்" என்றே தொடங்கலாம். இரண்டாம் டேக்கின் "அதான் சொன்னேனே" கட்டாயம் போக வேண்டும். இது இரண்டாவது தடவை என்று அந்த ஒரு சொல்லே காட்டிக்கொடுத்துவிடும்.

எந்த டேக்கிலும் பெயர் சொல்லவில்லை என்றால்? பேட்டியின் வேறு மூலையில் "போல்ட்" என்று எங்கேயாவது சொல்லியிருப்பார், தேடலாம். அதுவும் இல்லாவிட்டால் தொகுப்பாளர் குரலில் ஒரு வரி முன்னுரை வைத்துவிடுவதே மேல். தனித்தனிச் சொற்களைப் பொறுக்கி அவர் சொல்லாத ஒரு வாக்கியத்தைக் கட்ட வேண்டாம்.

ஒட்டிய இடத்தில் சொல் கடிபட்டது போலவோ, "டிக்" என்றோ கேட்கிறது

"டிக்" சத்தம் சின்ன விஷயம். அலை உயரத்தில் இருக்கும்போது வெட்டியிருப்பீர்கள். ஒரு துண்டு மங்க மங்க அடுத்தது எழும்படி 5 முதல் 10 மில்லிசெகண்ட் கிராஸ்ஃபேட் போட்டால் பெரும்பாலும் போய்விடும். ஆடாசிட்டி மென்பொருளில் என்றால், தேர்வு செய்த பகுதியின் மேல் `Z` விசையை அழுத்தினால் தேர்வின் இரு விளிம்பும் அலை பூஜ்யத்தைக் கடக்கும் இடத்துக்கு நகரும். அதற்குப் பிறகு வெட்டலாம். மின்சார இரைச்சல் உள்ள பதிவில் இது போதாமல் போகும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது அந்த "ம்ம்" இரைச்சலின் ஒரு சுற்று 20 மில்லிசெகண்ட். வெட்டின் இரு பக்கத்திலும் அந்தச் சுற்று ஒன்றோடொன்று பொருந்தும்வரை ஒரு கிளிப்பை அந்த 20 மில்லிசெகண்டுக்குள் முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். பொருந்தியதும் முட்டல் மறைந்துவிடும்.

சொல் கடிபடுவதுதான் பெரிய தலைவலி. இதற்குக் காரணம் பெரும்பாலும் வெட்டிய ஒலி. பேச்சில் சொற்களுக்கு நடுவே இடைவெளி இருக்கும் என்று நினைத்துக்கொண்டு திரையில் ஒலி அலையின் படமான வேவ்ஃபார்மைப் பார்த்தால் ஏமாற்றம்தான். "கேட்டாரு அப்புறம்" என்பது வாயில் "கேட்டாரப்புறம்" என்று வரும். "மரம்" என்பதில் ம் முழுசாக வராது, மூக்கொலியாக இழுத்துக்கொண்டு அடுத்த சொல்லுக்குள் போய்விடும். அங்கே எங்கே வெட்டினாலும் ஏதாவது ஒன்று பாதியில் நிற்கும்.

வெட்டுவதற்கு நல்ல இடம் வல்லின இரட்டிப்பு. க்க, ட்ட, த்த, ப்ப வரும்போதெல்லாம் வாய் ஒரு கணம் முழுசாக அடைத்துக்கொள்கிறது. பேச்சு நின்று, பின் வெடித்துத் திறக்கிறது. வேவ்ஃபார்மில் இது தெளிவாகவே தெரியும்: பருத்த உயிரெழுத்து, பிறகு தட்டையான ஒரு கோடு, பிறகு சின்னதாக ஒரு முள். அந்தத் தட்டைப் பகுதி நிதானமாகப் பேசுபவரிடம் செகண்டில் பத்தில் ஒரு பங்குவரைகூட நீளும். முள்ளுக்குச் சற்று முன்னால் அந்தத் தட்டைக்குள் வெட்டினால், சொல்லின் நடுவிலேயே ஒரு டேக்கிலிருந்து இன்னொரு டேக்குக்குத் தாவலாம், யாருக்கும் தெரியாது. சொல்லின் முதலில் வரும் க, த, ப ஆகியவற்றுக்கு முன்னாலும் இப்படி ஒரு சின்ன அடைப்பு கிடைக்கும்.

அதே வல்லினம் ஒற்றையாக நடுவில் வரும்போது கதை வேறு. "அது", "பாடம்" போன்றவற்றில் குரல் நிற்பதே இல்லை. ங்க, ந்த, ண்ட, ம்ப ஆகியவற்றிலும் மூக்கொலி ஓடிக்கொண்டே இருக்கும். அங்கே கை வைக்காதீர்கள்.

இதை வைத்து "கேட்டாரும்மா"வைச் சரிசெய்யலாம். கேள்வி கேட்டவரே பதிலில் இல்லை என்றால் இந்த "ம்மா" யாரைக் கூப்பிடுகிறது? "ரு"வுக்கும் "ம்மா"வுக்கும் நடுவே அடைப்பு கிடையாது, உகரத்திலிருந்து நேராக மூக்குக்குப் போகிறது. அங்கே வெட்டிப் பார்த்தால் "கேட்டாரு" மூக்கடைத்தது போல முடியும். ஆனால் "கேட்டாரு"வுக்குள் ஒரு ட்ட இருக்கிறது. பேட்டியின் இன்னொரு இடத்தில் பெரியவர் "...ஆர்டர் போட்டாரு" என்று வாக்கியத்தை முடித்திருந்தார். முதல் டேக்கின் "கேட்"டை ட்டவின் தட்டையில் வெட்டி, "போட்டாரு"வின் ட்டவிலிருந்து "டாரு"வை எடுத்து ஒட்டியதும் "கேட்டாரு" கிடைத்துவிட்டது. முன்னால் இருந்தது ஏகாரமா ஓகாரமா என்பது அடைப்பைத் தாண்டி அவ்வளவாகத் தெரிவதில்லை.

எல்லா "ம்மா"வையும் இப்படித் துரத்த வேண்டியதில்லை. "அப்படித்தாம்மா இருந்துச்சு" என்பது கேட்பவரிடமே பேசுவது போல இருந்தால் இருக்கட்டும். "நீங்க கேட்டீங்களே", "இந்தாங்க பாருங்க" போன்றவைதான் ஆள் இருப்பதைக் கட்டாயமாகச் சொல்லும்.

வாக்கியம் அந்தரத்தில் தொங்குகிறது

வெட்டு சுத்தம், ஆனால் பதில் முடிந்த மாதிரியே இல்லை. குரல் மேலே போய்க்கொண்டிருக்கும்போது முற்றுப்புள்ளி வைத்திருப்பீர்கள். "கிளம்பறப்போ", "கட்டினா", "போயி" என்று முடியும் துண்டுகள் இயல்பாகவே குரல் ஏறித்தான் நிற்கும், பின்னால் இன்னும் வரும் என்று சொல்லிக்கொண்டே. எழுத்தில் முழு வாக்கியமாகத் தெரியும் "கேட்டாரு"கூட, அவர் தொடர்ந்து பேச எண்ணியிருந்தால் ஏறியிருக்கும். "போட்டாரு"வை எடுத்தபோது நான் முதலில் பார்த்ததே அது வாக்கியத்தின் கடைசியில் இறங்கி முடிகிறதா என்பதைத்தான். சுருதி மாற்றும் கருவியால் குரலை இறக்கிப் பார்க்கலாம். அது பெரும்பாலும் இன்னொரு குறையைத்தான் கொண்டுவரும். இறங்கி முடியும் அதே வினைச்சொல்லை வேறு இடத்தில் தேடுவதே எளிது.

கேள்வி கேட்டவர் குரல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது

இருவருக்கும் தனித்தனி மைக், தனித்தனி ட்ராக், பேட்டியாளர் ட்ராக்கை மியூட் செய்தாயிற்று. ஆனாலும் தூரத்தில் அவர் குரல் கேட்கிறது. பெரியவர் மைக்கும் அவரைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. மைக்கிலிருந்து வாய் எவ்வளவு தூரமோ அதைப்போல மூன்று மடங்காவது இரண்டு மைக்குக்கும் நடுவே இருந்தால் இந்தக் கசிவு தொல்லை தராத அளவுக்குக் குறையும் என்பது ஒலிப்பதிவுக்காரர்கள் கைக்கொள்ளும் கணக்கு. சின்னக் கடையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தால் அதெல்லாம் நடக்காது.

கேள்வி மௌனத்தின் மேல் விழுந்திருந்தால் கவலை இல்லை, அந்த இடத்தை வெட்டி அறையின் ஒலியை வைக்கலாம். பதிலின் மேல் விழுந்திருந்தால் பிரித்தெடுக்க முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம், மாற்றுத் துண்டு தேடுங்கள். இங்கே "ஐயா?" முடிவதற்குள் பெரியவர் "எண்பத்தாறு" என்று தொடங்கிவிட்டார். "எண்" மேல் "ஐயா" ஏறி உட்கார்ந்திருந்தது. நல்லவேளையாக அடுத்த சொல்லே "எண்பத்தேழு". அதிலிருந்து "எண்பத்" வரை பிரதி எடுத்து, த்தவின் அடைப்பில் வெட்டி, முதல் சொல்லின் "தாறு"வோடு ஒட்டியாயிற்று. ஒரே "எண்பத்" அடுத்தடுத்து இரண்டு முறை வருவதால் முதலாவதன் அளவை ஒரு டெசிபல் போல மாற்றி வைத்தேன், அச்சடித்த மாதிரி இருக்கக் கூடாது என்பதற்காக.

கேள்வியைத் தூக்கியதும் "கேட்டாரு. எண்பத்தாறு எண்பத்தேழு இருக்கும்." என்று தானாகவே யோசித்துச் சொன்னது போல அமைந்துவிட்டது. நடுவே அரை செகண்ட் இடைவெளி விட்டேன். கேள்வி இருந்த இடத்தை முழுசாக மூடிவிட்டால் அவசரப்பட்டுச் சொல்வது போல ஆகிவிடும்.

பேட்டி எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: "ம்ம்", "ஓ", "அப்படியா" எல்லாவற்றையும் தலையாட்டலாக மாற்றிக்கொள்ளுங்கள். எடிட் மேஜையில் உட்காருபவர் வாழ்த்துவார்.

ஒட்டிய இடத்தில் அறையே மாறுகிறது

ஹெட்போனில் இது உடனே தெரியும், போன் ஸ்பீக்கரில் தெரியாது. அதனால்தான் பலர் தப்பிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். நம் டேக்குகளில் ஒன்றிலும் மூன்றிலும் மின்விசிறி ஓடுகிறது, இரண்டில் இல்லை. ஸ்பேனர் வாக்கியம் வந்ததும் பின்னணி பொத்தென்று விழுந்து, முடிந்ததும் மறுபடி எழும்.

முதலில் தோன்றும் யோசனை, ஒன்றிலும் மூன்றிலும் இரைச்சல் நீக்கியை ஏற்றி இரண்டாவதுபோல ஆக்குவது. அழுத்தமாக நீக்கினால் குரல் தண்ணீருக்குள் இருந்து வருவது போல ஆகிவிடும், சேர்ந்தும் போகாது. எதிர்த்திசையில் போங்கள்: சுத்தமான டேக்கை அழுக்காக்குங்கள். மின்விசிறி ஓடும்போது யாரும் பேசாத பகுதி, அதாவது ரூம் டோன், குறைந்தது 30 செகண்டாவது பதிவின்போதே எடுத்து வைத்திருக்க வேண்டும், ரெகுலேட்டர் அதே எண்ணில் இருக்க. அதை இரண்டாம் டேக்கின் கீழ் மட்டும் விரித்து, இரு முனையிலும் கால் செகண்ட் போல ஃபேட் கொடுத்தால் தாவல் மறையும். மொத்தப் பதிலின் கீழும் விரித்தால், ஏற்கெனவே விசிறி உள்ள டேக்குகளில் இரைச்சல் இரட்டிப்பாகி 3 டெசிபல் ஏறிவிடும், பள்ளம் முழுசாக மறையாது.

ரூம் டோன் எடுக்க மறந்துவிட்டார்களா? பெரியவர் யோசித்த இடங்கள், கேள்விக்கு முந்தைய மௌனங்கள் என்று துண்டு துண்டாகச் சேர்க்கலாம். ஒரே ஒரு செகண்ட் துண்டைத் திரும்பத் திரும்ப ஒட்டாதீர்கள், விசிறியின் "டொக் டொக்" ஒரே தாளத்தில் வந்து மாட்டிக்கொள்ளும். வெவ்வேறு நீளத் துண்டுகள் கிடைத்தால் நல்லது.

ஹாரனுக்குத் தனிக் கவனம் வேண்டும். சொல்லின் மேல் ஹாரன் விழுந்த வாக்கியத்தை விட்டுவிடலாம். "ஆளு கிடையாது" இங்கே அப்படித்தான் போயிற்று, இரண்டாம் டேக்கில் அதே விஷயம் இருக்கிறதே. தொல்லை, நீங்கள் வைத்துக்கொள்ளும் துண்டின் கடைசியில் ஹாரன் தொடங்கியிருந்தால்தான். வெட்டியதும் ஹாரன் பாதியில் செத்துப்போகும், அப்படி எந்த ஆட்டோவும் செய்யாது. ஹாரன் தொடங்குவதற்கு முன்னால் வெட்டை நகர்த்துங்கள். முடியாவிட்டால், அவர் பேசாத பகுதி இருக்கும்வரை ஹாரனின் வாலை அடுத்த துண்டின் கீழ் மெல்ல மங்கவிடுங்கள். கோயில் மணிக்கும் இதே வைத்தியம்தான். மழைக்கு விசிறியின் வைத்தியம்: மழை பெய்த டேக்கின் மழையை மழையில்லாத டேக்கின் கீழ் கொண்டுபோக வேண்டும்.

குரலே வேறு ஆள் மாதிரி இருக்கிறது

பின்னணி பொருந்திய பிறகும் இரண்டாம் டேக் சற்று மெலிந்து கேட்டது. சத்தத்துக்கு நடுவே பேசும்போது நாம் அறியாமலே குரலை உயர்த்துகிறோம். விசிறி நின்றதும் அவர் குரலும் தணிந்துவிட்டது. அளவை ஏற்றினால் மட்டும் சரியாகாது, அழுத்தமாகப் பேசும்போது குரலில் கூர்மையும் கூடுகிறது. அந்தத் துண்டுக்கு மட்டும் 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஈக்வலைசரில் ஓரிரு டெசிபல் ஏற்றியது போதுமானதாக இருந்தது. மைக்குக்கு நெருங்கினாலோ விலகினாலோ கீழ்ப்பகுதி மாறும், அப்போது 100–200 ஹெர்ட்ஸ் பக்கம் பாருங்கள். அளவைக் கிளிப் கிளிப்பாகக் கையால் சமன் செய்துவிட்டுத்தான், உரத்த இடங்களைத் தானாக அழுத்தும் கம்ப்ரஸர். முதலிலேயே கம்ப்ரஸரைப் போட்டால் டேக்குக்கு டேக் அது வேறு வேறு அளவில் அழுத்தி, பின்னணியும் சேர்ந்து ஏறி இறங்கும்.

ஒரு டேக் மட்டும் வேகமாகவும் குரல் கீச்சென்றும் இருந்தால் ஈக்வலைசரைத் தொடாதீர்கள். ஒரு கருவி 44.1 கிலோஹெர்ட்ஸிலும் இன்னொன்று 48-லும் பதிவு செய்து, மென்பொருள் அதைத் தவறாகப் படித்திருக்கும். 44.1 கோப்பு 48 ஆக ஓடினால் கிட்டத்தட்ட 9 சதவீதம் வேகம் கூடும், சுருதி ஒன்றரை அரைச்சுரம் ஏறும். கோப்பின் பண்புகளைப் பார்த்து, உரிய எண்ணுக்கு மாற்றி மறுபடி ஏற்றினால் தீர்ந்தது.

மூச்சு இரட்டிக்கிறது, அல்லது காணவில்லை

மூச்சு அதற்குப் பின்னால் வரும் சொல்லுக்குச் சொந்தம். துண்டை எடுக்கும்போது முன்னால் உள்ள மூச்சோடு எடுங்கள், முந்தைய துண்டின் வாலில் உள்ள மூச்சை விட்டுவிடுங்கள். இவ்வளவுதான்.

எல்லாம் சரியாக ஒட்டியிருக்கிறது, ஆனால் அவர் சொன்னது இது இல்லை

இந்தக் குறை காதுக்குத் தெரியாது, தாளில்தான் தெரியும். நேரம் குறைவு என்று மூன்றாம் டேக்கின் "உள்ளூருல கேட்டா இன்னும் வார்தான் போடுறேன்" என்பதை வெட்டிவிட்டால் ஒட்டு இன்னும் சுத்தமாகவே வரும். ஆனால் பெரியவர் வாரையே கைவிட்டதாக ஆகிவிடும். அவர் மூன்று டேக்கில் ஒரு தடவைதான் அதைச் சொன்னார், அவர் தொழிலுக்கு அதுதான் உயிர்நாடி. "ஆனா", "உள்ளூருல", "சில பேரு" மாதிரி அளவு குறைக்கும் சொற்களை வெட்டும்போது நிறுத்தி யோசியுங்கள். கேள்வியை எடுப்பதாலும் இது நேரும். "காசுக்காகத்தானே மாறினீங்க?" என்று கேட்டு "ஆமா, அதுவும்தான்" என்று அவர் சொல்லியிருந்தால், கேள்வி இல்லாத அந்த "ஆமா"வை வேறொரு வாக்கியத்தின் முன் வைப்பது பொய்.

சரிபார்க்க நான் செய்வது: ஒட்டிய பதிலை மட்டும் தாளில் புதிதாக எழுதி, மூல எழுத்துப் பிரதியை நன்றாகப் படித்த இன்னொருவரிடம் கொடுத்து, அவர் இப்படிச் சொன்னாரா என்று கேட்பேன். முடிந்தால் பேசியவரையே கேட்கவைப்பேன். பெரியவருக்குப் போனில் அனுப்பியதற்கு வந்த பதில், "எல்லாம் சரி. ஹாரனை எங்க ஒளிச்சீங்க?"